ஸ்பானிஷில் ‘அல்’ சொற்கள்: அரபு வழியாக மனப்பாடம் செய்வது எப்படி?

ஸ்பானிஷ் படிக்கச் சேர்ந்த முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார்: “அல் என்று ஆரம்பித்தால் அது அரபுச் சொல், அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்.” கேட்க நன்றாகத்தான் இருக்கும். பாடப்புத்தகத்தின் பின்பக்கச் சொற்பட்டியலைத் திறந்ததும்தான் சிக்கல் தெரியும். அல்மோஆதா, அல்ஃபோம்ப்ரா, அல்மஸேன், அல்கோதோன், அல்கிலேர் என்று வரிசையாக நிற்கும். இதில் தலையணை எது, கம்பளம் எது, கிடங்கு எது, பருத்தி எது, வாடகை எது? எல்லாம் ஒரே மாதிரித் தொடங்குவதால் ஒன்றைத் தேடினால் இன்னொன்று வாயில் வருகிறது. நான் இதில் நன்றாகவே அல்லாடினேன். அப்புறம் கிடைத்த வழி இதுதான்: அல்-ஐ வெட்டிவிட வேண்டும். மீதியைத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு சொல்லில், கொக்கியில் மாட்டுவதுபோல மாட்டிவிட வேண்டும். அந்த வேலையைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு குறிப்பு. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில், உச்சரிப்புக்கு அருகில் வரும்படி எழுதியிருக்கிறேன். ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ‘த’ மாதிரி சொல்லும் ஒலியை, லத்தீன் அமெரிக்க வழக்கப்படி ‘ஸ’ என்றே போட்டிருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

1. என்ன வேண்டும், எவ்வளவு செலவு?

அடிப்படையான கருவி ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதி. dle.rae.es என்ற முகவரியில் இலவசமாகக் கிடைக்கிறது, பதிவு செய்யவும் தேவையில்லை. இதற்கென்று காசு கொடுத்துச் சொற்பிறப்பு அகராதி எதுவும் வாங்காதீர்கள். ஆரம்ப நிலையில் அது அலமாரியில் தூங்கும்.

அடுத்து, சொற்களை எழுதித் திருப்பித் திருப்பிப் பார்க்க அட்டைகள். கடையில் கிடைக்கும் வெற்று அட்டைக் கட்டு போதும். கைபேசியில்தான் படிப்பேன் என்றால் Anki செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கட்ட வேண்டும். யாரோ செய்து வைத்த அட்டைக் கட்டை இறக்கிக்கொள்வதை மட்டும் தவிருங்கள். கொக்கி உங்கள் தலையில் இருப்பதாக இருந்தால்தான் வேலை செய்யும். அட்டை எழுதும்போதே பாதி மனப்பாடம் ஆகிவிடும்.

2. ‘அல்’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

அரபியில் ‘அல்’ என்பது சொல்லுக்கு முன்னால் வரும், ஆங்கிலத்தின் the போன்ற சுட்டு. ஸ்பானிஷ்காரர்கள் கேட்டபோது அதைத் தனியாகப் பிரிக்காமல் சொல்லோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஸ்பானிஷில் அதற்கு இன்று பொருளே கிடையாது. ‘எல் அல்கோதோன்’ என்று ஸ்பானிஷின் சுட்டையும் முன்னால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

புதிதாக வருபவர்கள் கவனிக்காத விஷயம், இந்த ‘அல்’ எப்போதும் அல்-ஆகவே தெரியாது என்பது. நல் + தமிழ் நற்றமிழ் ஆவதுபோல, அரபியிலும் சில மெய்களுக்கு முன்னால் இந்த ‘ல்’ மாறிவிடும். அங்கே அது அடுத்து வரும் எழுத்தாகவே ஆகிவிடுகிறது. எண்ணெய்க்கு அரபியில் ஸைத். சுட்டோடு சேர்ந்தால் அஸ்ஸைத். அதுதான் ஸ்பானிஷில் அஸெய்த்தே. ஸுக்கர் என்ற சர்க்கரை அஸ்ஸுக்கர் ஆகி, ஸ்பானிஷில் அஸூக்கர் ஆயிற்று. அரிசிக்கான ருஸ் அர்ருஸ் ஆகி, அர்ரோஸ் ஆயிற்று. திவான் அத்திவான் ஆகி, அதுவானா ஆயிற்று.

அதனால் அகராதியில் அ வரிசையில் அல் மட்டும் பார்க்காமல், அஸ, அர், அத, அஹ என்று தொடங்கும் பெயர்ச்சொற்களையும் சந்தேகப்பட்டுப் பாருங்கள். முன்னால் எதுவும் ஒட்டாமல் வந்த அரபுச் சொற்களும் நிறைய உண்டு. ‘வரை’ என்று பொருள்படும் ஆஸ்தா, கோப்பைக்கான தாஸா, ஆரஞ்சுக்கான நரான்ஹா எல்லாம் அந்தக் கூட்டம்.

3. மீதியைத் தமிழில் மாட்டுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். நவாப் காலத்து நிர்வாகம், வணிகம், சமயம் எனப் பல வழிகளில் அரபியும் பாரசீகமும் தமிழுக்குள் வந்திருக்கின்றன. அரபி தன் பங்குக்குச் சில சொற்களைச் சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகம் வழியாக வாங்கியிருக்கிறது. ஆக, கொக்கிகள் பல நம் வீட்டிலேயே கிடக்கின்றன.

அதுவானா என்றால் சுங்க அலுவலகம். அ-வை வெட்டினால் திவான் எட்டிப்பார்க்கிறார். புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் திவான் என்பது சமஸ்தானத்தின் தலைமை அமைச்சர். அரபியில் அதே சொல் கணக்குப் பதிவேட்டையும், பிறகு அது இருக்கும் அலுவலகத்தையும் குறித்தது. வரி வாங்கிப் பதிவேட்டில் எழுதும் இடம் என்று வைத்துக்கொண்டால் அதுவானா மறக்காது. மாட்ரிட் விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுகிற சொல்லும் இதுதான்.

அல்மஸேன், கிடங்கு. அரபியில் மக்ஸன், அதாவது பொருளைச் சேமித்து வைக்கும் இடம். நம்முடைய கஜானாவும் அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான். அல்கால்தே என்றால் நகரத்தின் மேயர். அல்-ஐ எடுத்தால் மிஞ்சுவது காஜி. தலைமைக் காஜி பிறை பார்த்ததாக அறிவித்தார் என்று செய்தியில் படிக்கிறோமே, அதே காஜி. அரபியில் நீதிபதி, ஸ்பெயினில் காலப்போக்கில் மேயர் ஆகிவிட்டார். அல்குவஸில் என்பவர் நீதிமன்ற, நகராட்சி ஊழியர். அரபியில் வஸீர், அமைச்சர். பதவி இறக்கம்தான், ஆனால் கொக்கிக்கு அதுவே வசதி.

அல்கிலேர் வாடகை. இதற்குத் தமிழில் கொக்கி கிடைக்கவில்லை. கொஞ்சம் இந்தி தெரிந்தவர்களுக்குக் ‘கிராயா’ உதவும், இரண்டும் அரபியின் கிரா என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. அல்மோஆதாவுக்கு வேறு வழி. அரபியில் ‘கத்’ என்றால் கன்னம், தலையணைக்கான சொல் அதிலிருந்து உருவானது. கன்னத்தை வைக்கும் பொருள் என்று அட்டையில் எழுதிவைத்தால் போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ‘ஹ’ ஒலி. ஸ்பானிஷில் இன்று தொண்டையிலிருந்து ‘ஹ’ என்று வரும் எழுத்து, பல சொற்களில் ஒரு காலத்தில் ‘ஷ’ ஆக இருந்தது. அரபு வழிச் சொற்களில் அந்த ஷ-வைத் திரும்ப வைத்துப் பாருங்கள். ஹராபே என்ற மருந்துச் சாறு ஷராப் ஆகிறது. அரபியில் அதற்குக் குடிக்கும் பொருள் என்றுதான் அர்த்தம், நம் சர்பத்தும் அதே வேர். சதுரங்கத்துக்கான அஹெத்ரேஸ் அஷ்ஷத்ரஞ்ஜ் ஆகிறது. ஆட்டத்தில் ராஜாவுக்கு வைக்கும் ‘ஹாக்கே’ ஷா ஆகிறது. ‘நடக்கட்டும், நடந்தால் நல்லது’ என்று ஆசைப்பட்டுச் சொல்லும் ஓஹலாவில் ஹ-வை ஷ ஆக்கினால் ‘அல்லாஹ் நாடினால்’ என்ற தொடர் காதில் விழும். இன்ஷா அல்லாஹ் என்று வீட்டில் சொல்லிப் பழகியவர்களுக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. ஆனால் ஸ்பானிஷில் அதை எல்லா மதத்தாரும், எந்த மதமும் இல்லாதவர்களும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அதன் பின்னால் வரும் வினை, விருப்பத்தைச் சொல்லும் தனி வடிவத்தில்தான் வரும் என்பதையும் அட்டையில் குறித்துவையுங்கள்.

அர்ரோஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் அரிசியிலிருந்துதான் அது போனது என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். கிரேக்கச் சொல் வழியாக வந்தது என்பது வரை சரி, அதற்கு முன்னால் எங்கிருந்து என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அட்டையில் அரிசி என்று எழுதிக்கொள்ளுங்கள், நன்றாகவே ஒட்டும். மேடையில் பேச வேண்டாம்.

4. ஒரு சொல்லை முழுதாகச் செய்து பார்ப்போம்

அகராதிப் பக்கத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் ajedrez என்று தட்டுங்கள். சொல்லுக்குக் கீழே, பொருள் தொடங்குவதற்கு முன்பாக, சொல்பிறப்பு தனியாக வந்திருக்கும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே நான்கு மொழிக் குறிப்புகளை இடமிருந்து வலமாகப் பார்ப்பீர்கள்:

ár. hisp. என்றால் ஸ்பெயினில் பேசப்பட்ட அரபி. ár. clás. என்றால் இலக்கிய அரபி. pelvi என்றால் இடைக்காலப் பாரசீகமான பஹ்லவி. sánscr. என்றால் சமஸ்கிருதம்.

வலப்பக்கக் கடைசியில் நிற்பது சதுரங்கம். நான்கு அங்கம் கொண்ட படை என்ற அதே சொல். அது பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபியில் ஷத்ரஞ்ஜ் ஆகி, சுட்டோடு ஒட்டி அஷ்ஷத்ரஞ்ஜ் ஆகி, ஸ்பெயினில் அஹெத்ரேஸ் என்று நின்றிருக்கிறது.

இப்போது அட்டை. முன்பக்கத்தில் ஸ்பானிஷ் சொல்லைச் சுட்டோடு எழுதுங்கள்: எல் அஹெத்ரேஸ். பின்பக்கத்தில் மூன்று வரி. முதல் வரியில் பொருள். இரண்டாவது வரியில் வெட்டிய பின் மிஞ்சியது: ஷத்ரஞ்ஜ் – சதுரங்கம். மூன்றாவது வரியில் நீங்களே சொல்லக்கூடிய ஒரு சின்ன வாக்கியம்: ‘ஹுவேகோ அல் அஹெத்ரேஸ்’, நான் சதுரங்கம் ஆடுகிறேன். அட்டையில் அதற்கு மேல் எதுவும் வேண்டாம். சொல்பிறப்பு முழுவதையும் அதில் எழுதினால் படிப்பதற்குச் சுவையாக இருக்கும், ஆனால் திருப்பிப் பார்க்கும்போது கண் அங்கேயே மேயும், சொல் நிற்காது.

அந்த வாக்கியத்தில் நடுவே ஒரு ‘அல்’ இருப்பதைக் கவனித்தீர்களா? அது அரபு அல் கிடையாது. ஸ்பானிஷின் ‘அ’ என்ற உருபும் ‘எல்’ என்ற சுட்டும் சேர்ந்தால் ‘அல்’ ஆகும். ‘வோய் அல் அல்மஸேன்’, கிடங்குக்குப் போகிறேன். முதல் அல் தனிச்சொல், இரண்டாவது சொல்லோடு ஒட்டியது. காதால் கேட்டு எழுதும் பயிற்சியில் இங்கேதான் மதிப்பெண் போகும்.

5. ஆண்பாலா பெண்பாலா?

இதற்குத் தனியாக மனப்பாடம் தேவைப்படுவது அபூர்வம். ஆ-வில் முடியும் அரபு வழிச் சொற்கள் பெரும்பாலும் பெண்பால்: லா அல்மோஆதா, லா அல்ஃபோம்ப்ரா, லா அஸெய்த்தூனா, லா அதுவானா. மெய்யில் முடிபவையும் ஏ-யில் முடிபவையும் பெரும்பாலும் ஆண்பால்: எல் அர்ரோஸ், எல் அல்கோதோன், எல் அல்மஸேன், எல் அஸெய்த்தே, எல் ஹராபே.

சிக்கல் இரண்டு இடத்தில். ‘எல் ஆகுவா’ பாடத்தில் ஆ-வில் அழுத்தத்தோடு தொடங்கும் பெண்பால் சொல்லுக்கு முன்னால் ‘லா’ போய் ‘எல்’ வரும் என்று படித்திருப்பீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு ‘எல் அல்மோஆதா’ என்று எழுதுபவர்கள் நிறைய. அல்மோஆதாவில் அழுத்தம் முதல் அசையில் விழுவதில்லை, எனவே லா-தான். இயற்கணிதமான ஆல்ஹெப்ராவில் அழுத்தம் முதல் அசையிலேயே விழுவதால் அது பெண்பாலாக இருந்தும் ‘எல் ஆல்ஹெப்ரா’. இன்னொன்று அஸூக்கர். அதை ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் வழங்குகிறார்கள். ‘எல் அஸூக்கர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரடையைப் பெண்பாலில் போடுவதைக் கேட்டால் பதற வேண்டாம், அதுவும் ஏற்கப்பட்ட வழக்குதான்.

6. போலி ‘அல்’கள்

ஆல்த்தோ (உயரமான), ஆல்மா (ஆன்மா), ஆல்கோ (ஏதோ ஒன்று), ஆல்கியென் (யாரோ), அலும்னோ (மாணவர்) எல்லாம் சுத்தமான லத்தீன் வழிச் சொற்கள். அல்-ஐ வெட்டினால் மிஞ்சுவது வெறும் சக்கை. பாதாமுக்கான அல்மெந்த்ராவும் மதிய உணவுக்கான அல்முவேர்ஸோவும் இன்னும் தந்திரமானவை. சொல் லத்தீன்தான், சுற்றியிருந்த அரபுச் சொற்களின் சாயலில் முன்பகுதி ‘அல்’ என்று மாறியிருக்கிறது.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு பொறி அலமாரி. பார்த்தால் அப்படியே அரபு மாதிரி இருக்கும். அது போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல், மூலம் லத்தீன். ஸ்பானிஷில் அர்மாரியோ. அதேபோல சட்டைக்கான கமீஸாவைப் பார்த்ததும் சல்வார் கமீஸ் ஞாபகம் வந்து, அரபுப் பட்டியலில் சேர்த்துவிடத் தோன்றும். ஸ்பானிஷ் அதை நேராக லத்தீனிலிருந்து எடுத்தது. அரபியின் கமீஸ்கூட அதே லத்தீனிலிருந்து போனதுதான்.

கொக்கி மட்டும்தான் வேண்டும் என்றால் இதனால் நஷ்டமில்லை, கமீஸாவைக் கமீஸிலேயே மாட்டிவிடலாம். ஆனால் ‘அல்-ஐ வெட்டு’ என்ற விதியைப் போட்டால் போலிகளில் உடைந்துவிடும். அதனால் ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் ஒருமுறை அகராதியைப் பாருங்கள். ár. என்ற சுருக்கம் இருந்தால் வெட்டலாம், lat. மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சொல்லுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

7. பொருள் நகர்ந்திருக்கும், நாட்டுக்கு நாடும் மாறும்

கொக்கி சொல்லை ஞாபகப்படுத்தும், பொருளுக்கு உத்தரவாதம் கொடுக்காது. மிஸ்கீன் என்றால் ஏழை என்று தமிழ் முஸ்லிம் வீடுகளில் தெரியும். ஸ்பானிஷின் மெஸ்கீனோ அதிலிருந்து வந்ததுதான், ஆனால் இன்று கஞ்சனை, அற்பனைக் குறிக்கும். பரிதாபப்பட்டு ஒருவரை மெஸ்கீனோ என்றால் வசவாகிவிடும். அஸெய்த்தே எந்த எண்ணெய்க்கும் பொது. ஆலிவ் எண்ணெய் வேண்டுமென்றால் ‘அஸெய்த்தே தே ஒலீவா’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அஸெய்த்தூனா என்பது அந்தக் காய்.

நாடு மாறும்போது இன்னும் கவனம் தேவை. நீச்சல் குளத்துக்கு மெக்ஸிகோவில் அல்பேர்க்கா என்று அரபுச் சொல்லைச் சொல்வார்கள், ஸ்பெயினில் அதே சொல் தண்ணீர் தேக்கும் தொட்டி. அல்மஸேன் ஸ்பெயினில் கிடங்கு, அர்ஜென்டினாவில் தெருமுனை மளிகைக் கடை. பாதாமி எனும் ஏப்ரிகாட் பழத்துக்கு ஸ்பெயினில் அல்பரிக்கோக்கே, மெக்ஸிகோவில் சபக்கானோ, அர்ஜென்டினாவில் தமாஸ்க்கோ. எந்த நாட்டு ஸ்பானிஷ் வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு அட்டையின் மூலையில் நாட்டின் பெயரைப் போட்டுவிடுங்கள்.

8. எவ்வளவு நேரம், எந்த வரிசையில்?

தினமும் இருபது நிமிடம், ஐந்து சொற்கள் போதும். இதில் ஒரு கண்டிப்பான விதி: ஒரே நாளில் இரண்டு ‘அல்’ சொற்களைப் புதிதாகத் தொடாதீர்கள். அரபு வழிச் சொற்களைத் திரட்டி வைத்திருக்கும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம், அவற்றை அப்படியே வரிசையாகப் படிப்பது முதலில் சொன்ன குழப்பத்தை விலைக்கு வாங்குவதாகும். படுக்கையறையை எடுத்துக்கொண்டால் காமா (கட்டில்), ஸாபனா (விரிப்பு), மாந்தா (போர்வை), இவற்றோடு அல்மோஆதா என்று ஒரே ஒரு அல். மறுநாள் சமையலறை, அங்கே கோப்பை, கரண்டி, தட்டோடு அஸூக்கர். அல்ஃபோம்ப்ராவுக்கு இன்னொரு நாள். இப்படிப் போனால் முதல் இரண்டு வாரத்திலேயே வீட்டுச் சொற்கள் கைக்கு வந்துவிடும். அலுவலகச் சொற்களான அதுவானா, அல்மஸேன், அல்கிலேர், அல்கால்தே ஆகியவற்றை மூன்றாவது வாரத்துக்கு வையுங்கள்.

இந்த வழி பெயர்ச்சொற்களோடு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. ஸ்பானிஷ் அரபியிலிருந்து எடுத்துக்கொண்டவற்றில் மிகப் பெரும்பான்மை பொருள்களின் பெயர்கள். ஆஸ்தா, ஓஹலா போன்றவை விதிவிலக்கு. வினைகள் மிகக் குறைவு. வாடகைக்கு எடு என்ற அல்கிலார்கூட அல்கிலேர் என்ற பெயர்ச்சொல்லோடு ஒட்டியே நிற்பது, ஒன்றைப் படித்தால் மற்றதும் வந்துவிடும். போ, வா, சாப்பிடு, தூங்கு போன்ற அன்றாட வினைகளுக்கு இந்த அட்டைகளில் இடமில்லை. அவற்றுக்கு வினைத்திரிபு அட்டவணையோடுதான் உட்கார வேண்டும், அதற்குத் தனிக் கட்டு போடுங்கள்.